மூடிய கம்பெனியில் சம்பளப் பாக்கி: பணம் யாருக்கு முதலில், உங்கள் இடம் எங்கே?

பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் தொழிலாளர்கள் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணே, எங்க சம்பளம் வருமா? சட்டத்துல எங்களுக்குத்தானே முதல் இடம்?" முதல் இடம் பற்றிய பேச்சு பாதிதான் உண்மை. சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அதற்கு ஒரு தொகை வரம்பும் ஒரு கால வரம்பும் இருக்கின்றன. அந்தக் கால வரம்பை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்று தெரியாததால் முன்னுரிமையையே இழந்துவிடுகிறவர்களை, மூடிய கம்பெனியின் சொத்தை விற்றுக் கடன்களைப் பங்கிட்டுத் தரும் லிக்விடேட்டர்களோடு வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். கடன் கொடுத்த வங்கிக்கு வழக்கறிஞர் இருக்கிறார், வரி இலாகாவுக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது. தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியை தொழிலாளியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் படி: மூடியது கம்பெனியா, தனி முதலாளியா?

பெயர்ப்பலகையிலோ சம்பளச் சீட்டிலோ முதலாளியின் முழுப் பெயரைப் பாருங்கள். கடைசியில் "சென்டிரியான் பெர்ஹாட்" என்று இருந்தால் அது சட்டப்படி தனி ஆள். அதன் கடனுக்கு அதன் சொத்துதான் பொறுப்பு. டைரக்டரின் வீடும் காரும் சாதாரணமாக அதில் வராது. அப்படிப்பட்ட கம்பெனியை 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி கலைப்பார்கள். "எண்டர்பிரைஸ்" என்றோ "டிரேடிங்" என்றோ மட்டும் பதிந்திருந்தால் கடைக்கும் முதலாளிக்கும் இடையே சுவரே கிடையாது. கடைக் கடன் அவருடைய சொந்தக் கடன். அவர் மீது 1967-ஆம் ஆண்டுத் திவால் சட்டம்தான் பாயும். அதற்கும் அவர் குறைந்தது ஒரு லட்சம் ரிங்கிட் கடன்பட்டிருக்க வேண்டும்.

ஊரில் பேசும்போது இரண்டையும் "முஃப்லிஸ் ஆயிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். பேச்சுக்குப் பரவாயில்லை, ஆனால் எந்தச் சட்டம், எந்தப் பாரம், யாரிடம் போவது எல்லாமே இதை வைத்துத்தான் முடிவாகும். இங்கே நான் எடுத்துக்கொள்வது சென்டிரியான் பெர்ஹாட் மட்டும்.

கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணம் கட்டி அந்தக் கம்பெனியின் விவரத்தை எடுத்துவிடுங்கள். டைரக்டர்கள் யார், பதிவு முகவரி எது என்பதோடு, எந்தச் சொத்து எந்த வங்கிக்கு அடமானம் என்பதும் அதில் வரும். பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடமானப் பகுதியைக் கட்டாயம் படியுங்கள். அடமானம் வாங்கியவர் அதை 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். பதியாத அடமானம் லிக்விடேட்டர் முன்னால் செல்லாது. கம்பெனியில் உண்மையில் என்ன மிஞ்சும் என்பதற்கு முதல் அறிகுறி இந்தப் பகுதிதான்.

இரண்டாம் படி: நான்கு மாதம், எந்த நாளிலிருந்து?

கம்பெனிச் சட்டத்தின் 527-ஆம் பிரிவு சம்பளத்துக்கு முன்னுரிமை தருகிறது. ஆளுக்கு 15,000 ரிங்கிட் வரை, கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய நான்கு மாதத்துக்குள் செய்த வேலைக்கு. கமிஷனும், ஒப்பந்தப்படி தர வேண்டிய அலவன்ஸும் இந்தச் சம்பளத்தில் அடங்கும்.

கலைப்பு தொடங்குவது எப்போது? கேட் பூட்டிய அன்றா, முதலாளி வாட்ஸ்அப்பில் "நாளை முதல் வேலை இல்லை" என்று அனுப்பிய அன்றா, யாரோ கோர்ட்டில் மனு போட்ட அன்றா? இவற்றில் எதுவுமே இல்லை. கோர்ட் மூலம் கலைக்கும்போது, நீதிபதி கலைப்பு உத்தரவு பிறப்பிக்கும் நாளில்தான் கலைப்பு தொடங்கியதாகக் கணக்கு. பழைய 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனு போட்ட நாளே தொடக்க நாளாக இருந்தது. புதிய சட்டம் 2017 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்தபோது அது மாறியது. பழைய வழக்கை நினைவில் வைத்து "மனு போட்டாச்சு, இனி கவலையில்லை" என்று இன்றும் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

மனுவிலிருந்து உத்தரவு வரை எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனி பணம் தர வேண்டிய கடன்காரர் ஒருவர் முதலில் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். கடன் 50,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்க வேண்டும். கம்பெனிக்கு 21 நாள் அவகாசம். அது முடிந்த பிறகு உயர் நீதிமன்றத்தில் மனு. அதை அரசிதழிலும் பத்திரிகையிலும் விளம்பரம் செய்ய வேண்டும். கம்பெனி எதிர்த்து வழக்காடினால் விசாரணை தள்ளிப்போகும். தவணை கட்டுகிறேன் என்று பேச்சுவார்த்தை நடத்தினால் இன்னும் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் உங்கள் நான்கு மாதச் சாளரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. நீங்கள் வேலை செய்த மாதங்கள் அதிலிருந்து வெளியே விழுந்துகொண்டே இருக்கின்றன.

கம்பெனி தானாகவே கலைக்க முடிவெடுத்தால் கதை வேறு. அதில் பங்குதாரர்கள் தீர்மானம் நிறைவேற்றும் நாளே தொடக்கம். அதனால்தான் வேலை நின்றுவிட்ட கம்பெனியில் டைரக்டர் இன்னும் பேசக்கூடியவராக இருந்தால், சும்மா காலம் தள்ளாமல் தீர்மானம் போட்டுவிடுங்கள் என்று கேட்பதில் பெரிய அர்த்தம் இருக்கிறது.

மூன்றாம் படி: வரிசையை ஒரு கணக்கில் பார்ப்போம்

சட்டத்தின் வரிசையை வாயால் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்காது. ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பிறையில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. 24 பேர் வேலை செய்தார்கள்: 22 பேருக்கு மாதம் 2,200 ரிங்கிட், இரண்டு மேனேஜர்களுக்கு 9,000 ரிங்கிட். பிப்ரவரி, மார்ச் சம்பளம் வரவில்லை. மார்ச் கடைசியில் வேலை நின்றது. சப்ளையர் ஒருவர் ஏற்கெனவே மனு போட்டிருந்ததால் ஏப்ரல் 20 அன்று கோர்ட் கலைப்பு உத்தரவு கொடுத்துவிட்டது.

கட்டடம் வங்கிக்கு அடமானம். வங்கிக்கு வர வேண்டியது 21 லட்சம் ரிங்கிட். லிக்விடேட்டரும் வங்கியும் ஒத்துப்போய்க் கட்டடத்தை 18 லட்சத்துக்கு விற்றார்கள். அந்த 18 லட்சமும் அப்படியே வங்கிக்குப் போகும். அடமானச் சொத்து இந்த வரிசைக்குள்ளேயே வராது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 527-ஆம் பிரிவு சொல்வது அடமானம் இல்லாத கடன்களுக்கு இடையே உள்ள வரிசை. வங்கிக்குக் குறைந்த மூன்று லட்சத்துக்கு அதுவும் சாதாரணக் கடன்காரராகக் கடைசியில் போய் நிற்கும். ஹயர் பர்சேஸில் எடுத்த ஃபோர்க்லிஃப்டையும் ஃபைனான்ஸ் கம்பெனி தூக்கிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் முழுத் தவணையும் கட்டும்வரை அது கம்பெனியின் சொத்தே கிடையாது. "வாசல்ல அவ்வளவு மெஷின் நிக்குதே" என்று தொழிலாளர்கள் கணக்குப் போடுவதில் பெரும்பாலும் ஏமாற்றம் இங்கேதான்.

அடமானம் இல்லாமல் மிஞ்சியது பழைய மெஷின், ஸ்டாக், வாடிக்கையாளரிடம் வசூலித்த பாக்கி. எல்லாம் சேர்த்து 3,20,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வரிசை இதிலிருந்து ஆரம்பிக்கிறது.

முதலில் கலைப்புச் செலவு. மனு போட்டவரின் கோர்ட் செலவு, லிக்விடேட்டர் சம்பளம், ஏலம், காவல், வாடகை இவையெல்லாம். இந்தக் கணக்கில் 70,000. மீதி 2,50,000. லிக்விடேட்டர் சிலரை ஸ்டாக் எடுக்கவும் கணக்கு முடிக்கவும் சில வாரங்கள் வைத்துக்கொண்டால் அந்தச் சம்பளமும் இந்த முதல் வகுப்பில்தான் சேரும். அதனால் அப்படிக் கூப்பிட்டால் தயங்க வேண்டாம், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சம்பளம். ஏப்ரல் 20-லிருந்து நான்கு மாதம் பின்னால் போனால் டிசம்பர் 20. பிப்ரவரியும் மார்ச்சும் உள்ளே இருக்கின்றன. 22 பேருக்குத் தலைக்கு 4,400, மொத்தம் 96,800. மேனேஜர்களுக்கு வர வேண்டியது தலைக்கு 18,000, ஆனால் முன்னுரிமை 15,000 வரைதான், இருவருக்கும் 30,000. மீதி 3,000 வீதம் சாதாரணக் கடனில் சேரும். ஆக இந்த வகுப்பில் 1,26,800 போய், கையில் 1,23,200 நிற்கிறது.

மூன்றாவது வேலையிட விபத்து இழப்பீடு. இந்தக் கணக்கில் எதுவும் இல்லை. நான்காவது, எடுக்காமல் சேர்ந்த ஆண்டு விடுப்புக்கான பணம். இதற்கு நான்கு மாத வரம்பு கிடையாது. 13,200 என்று வைத்தால் மீதி 1,10,000. ஐந்தாவது இபிஎஃப், தொடக்க நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் கட்ட வேண்டியவை. கம்பெனி கடைசி ஆறு மாதம் கட்டவில்லை, 80,000. மீதி 30,000. ஆறாவது மத்திய அரசு வரி, 45,000. முப்பதாயிரமும் அதற்கே போய்விடும், அப்போதும் வரி முழுதாகத் தீரவில்லை.

அதற்குக் கீழே நிற்பவர்களுக்கு ஒரு சென் கூட இல்லை. அங்கே நிற்பவர்கள் யார் என்று பாருங்கள்: சப்ளையர்கள் 4,80,000, வங்கியின் குறை 3,00,000, இரண்டு வருடத்துக்கு முந்தைய பழைய இபிஎஃப் பாக்கி 25,000, மேனேஜர்களின் மிச்ச 6,000, அப்புறம் தொழிலாளர்களின் பணிநீக்க இழப்பீடு 1,50,000. இந்தக் கடைசித் தொகை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 1980-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்காதவருக்கு ஒரு வருட சேவைக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு. ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் 20 நாள். உரிமை உறுதியானதுதான். ஆனால் முன்னுரிமைப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. பதினைந்து வருடம் உழைத்தவருக்குச் சம்பள பாக்கியைவிட இந்தத் தொகைதான் பெரிது. சட்டம் இதை இன்னும் திருத்தாமல் இருப்பது நியாயமே இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு வகுப்புக்குள்ளேயே பணம் பற்றவில்லை என்றால் முதலில் வந்தவருக்கு முதலில் என்று கிடையாது. எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்துத் தருவார்கள். மேல் வகுப்பு முழுதாகத் தீராமல் கீழ் வகுப்புக்கு எதுவும் இறங்காது.

அதே கம்பெனி, உத்தரவு மட்டும் ஐந்து மாதம் தள்ளி

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். மார்ச்சில் வேலை நின்றபோது யாரும் மனு போடவில்லை. முதலாளி "புது முதலீட்டாளர் வருகிறார், கொஞ்சம் பொறுங்கள்" என்றார். தொழிலாளர்களும் பொறுத்தார்கள். மே மாதம் சப்ளையர் மனு போட்டு, செப்டம்பர் 5 அன்று உத்தரவு வந்தது.

நான்கு மாதம் பின்னால் போனால் மே 5. பிப்ரவரியும் மார்ச்சும் வெளியே. முன்னுரிமைச் சம்பளம் பூஜ்யம். சொத்தும் செலவும் அதேதான் என்று வைத்துக்கொண்டால், 2,50,000-இல் விடுப்புப் பணம் 13,200 போகும். இபிஎஃப்புக்கு 12 மாதச் சாளரம் என்பதால் அந்த 80,000 இன்னும் உள்ளேயே இருக்கிறது. வரி 45,000 இப்போது முழுதாகத் தீர்ந்துவிடும். கையில் 1,11,800.

கீழே நிற்கும் கூட்டத்தில் இப்போது தொழிலாளர்களின் சம்பள பாக்கியும் சேர்ந்துவிட்டது. மேனேஜர்களின் தொகையையும் சேர்த்து அது 1,32,800. எல்லாமாக 10,87,800 ரிங்கிட் கடனுக்கு 1,11,800 ரிங்கிட்; ரிங்கிட்டுக்குச் சுமார் பத்து சென். முதல் கணக்கில் 4,400 வாங்கிய அதே தொழிலாளிக்குச் சம்பளத்தில் கிடைப்பது 452 ரிங்கிட். பணிநீக்க இழப்பீட்டிலும் அவருக்குப் பத்து சென் வீதம் கிடைக்கும்தான், ஆனால் சம்பளத்தில் போனது போனதுதான்.

கம்பெனியில் இருந்த பணம் ஒரு சென் கூடக் குறையவில்லை. உத்தரவின் தேதி மட்டும்தான் மாறியது. தொழிலாளியின் கையிலிருந்து நழுவிய பணம் வரி இலாகாவுக்கும் சப்ளையர்களுக்கும் வங்கிக்கும் போய்ச் சேர்ந்தது.

நான்காம் படி: வேலை நின்ற முதல் வாரத்தில்

சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், சம்பளம் கடைசியாக ஏறிய வங்கிக் கணக்கின் அறிக்கை, விடுப்புக் கணக்கு, இபிஎஃப் ஐ-அக்காவுனில் எந்த மாதத்தோடு கட்டுவது நின்றது என்ற பக்கம், இவற்றை எடுத்து வையுங்கள். கம்பெனி சிஸ்டத்துக்குள் போகும் வசதி மூடிய மறுநாளே போய்விடும், அதனால் வேலை இருக்கும்போதே எடுப்பது நல்லது. சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியவர்கள், "இந்த மாதம் இன்னும் தரவில்லை" என்று சூப்பர்வைசருடன் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையாவது அழிக்காமல் வையுங்கள்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் வேலையிழப்புக் காப்புறுதிக்கு 60 நாளுக்குள் மனு செய்ய வேண்டும். இது கம்பெனியின் சொத்திலிருந்து வருவதில்லை, நீங்கள் மாதாமாதம் கட்டிய சந்தாவிலிருந்து வருகிறது. அதனால் கலைப்பு எப்படிப் போனாலும் இதைப் பாதிக்காது. முதல் மாதம் கணக்கிடப்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, அப்புறம் 40, 40, 30, 30 என்று, வேலை கிடைக்கும்வரை ஆறு மாதம் வரை. சம்பள பாக்கிக்காக அலைவதில் 60 நாள் கடந்துவிடுவது வருத்தமான விஷயம்.

இபிஎஃப் கட்டவில்லை என்றால் இபிஎஃப் அலுவலகத்தில் உடனே புகார் கொடுங்கள். இதற்கு ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. சென்டிரியான் பெர்ஹாட்டின் கடனுக்கு டைரக்டர் பொறுப்பில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, இபிஎஃப் அதற்கு விதிவிலக்கு. 1991-ஆம் ஆண்டு இபிஎஃப் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி டைரக்டர்கள் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பு. கம்பெனி காலியாக இருந்தாலும் வாரியம் அவர்களைத் துரத்தலாம். நம் கணக்கில் வரிசைக்கு வெளியே போன அந்தப் பழைய 25,000-க்கும் இதுதான் வழி.

சம்பள பாக்கிக்குத் தொழிலாளர் இலாகாவில் புகார் பதியுங்கள். கலைப்பு உத்தரவு வருவதற்கு முன்பே முடிவு கிடைத்தால் உங்கள் கடன் எவ்வளவு என்பதற்கு அது அசைக்க முடியாத சான்று. உத்தரவு வந்துவிட்டால் கோர்ட் அனுமதி இல்லாமல் கம்பெனி மீது எந்த வழக்கையும் தொடர முடியாது, அதன் பிறகு லிக்விடேட்டரிடம்தான் போக வேண்டும்.

ஐந்தாம் படி: மனு நகர்கிறதா என்று பாருங்கள்

யாராவது மனு போட்டிருக்கிறார்களா என்று பத்திரிகை விளம்பரத்தையும் அரசிதழையும் கவனியுங்கள். ஜார்ஜ்டவுனில் உயர் நீதிமன்றப் பதிவகத்திலும் விசாரிக்கலாம். மனு இருந்தால் அதை ஆதரிக்கும் கடன்காரராக நீங்களும் ஆஜராவதாக அறிவிப்புக் கொடுக்க முடியும். இது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். மனு போட்ட சப்ளையருக்கு மட்டும் கம்பெனி இரகசியமாகப் பணம் கொடுத்து மனுவை வாபஸ் வாங்க வைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், உங்கள் நான்கு மாதமும் போய்விடும். ஆஜராகியிருக்கும் கடன்காரர், மனுதாரரின் இடத்தில் தன்னை வைத்து வழக்கைத் தொடரக் கோர்ட்டைக் கேட்கலாம்.

மனுவே இல்லையென்றால் கம்பெனியிடம் தானாகக் கலைக்கக் கேளுங்கள். கடிதம் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டதாக இருக்கட்டும். "முதலீட்டாளர் வருகிறார்" என்று பொறுக்கச் சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். மார்ச்சில் நின்ற வேலைக்கு ஜூன் வரை பொறுப்பது என் பார்வையில் அதிகம்.

வங்கி கட்டடத்தைக் கோர்ட் உத்தரவின் பேரில் ஏலம் விடுகிறதா என்பதையும் விசாரியுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் வேலை செய்த இடமே கோர்ட் உத்தரவால் விற்கப்பட்டால், நான்கு மாதச் சம்பளம் வரை அந்த விலையிலிருந்து வங்கிக்கு முன்பாகத் தொழிலாளிக்குத் தரச் சொல்கிறது. பணிநீக்க இழப்பீடும் இந்தப் பிரிவில் சம்பளமாகவே கருதப்படுகிறது. நம் கற்பனைக் கம்பெனியில் ஏலம் இல்லாமல் பேசி விற்றதால் இந்தக் கதவு திறக்கவில்லை. உங்கள் விஷயத்தில் கோர்ட் ஏலம் என்றால், பணம் வங்கிக்குப் போவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞர் மூலம் அந்த வழக்கில் கேட்க வேண்டும். போன பிறகு கேட்டுப் பலனில்லை.

ஆறாம் படி: கடன் சான்றுப் பாரத்தை வகுப்பு வகுப்பாகப் பிரித்து எழுதுங்கள்

உத்தரவு வந்ததும் லிக்விடேட்டர் பெயர் தெரியவரும். தனியார் லிக்விடேட்டர் யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் மலேசிய திவால் இலாகா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அதற்குக் கிளை உண்டு. அவர்களிடம் 77-ஆம் பாரத்தில் கடன் சான்று கொடுக்க வேண்டும். நிறையத் தொழிலாளர்கள் இருந்தால் ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே சான்று கொடுக்கவும் விதியில் இடம் உண்டு. பெயர், மாதம், தொகை என்று ஒரு பட்டியலை அதோடு இணைத்தால் போதும்.

பாரத்தில் பெரும்பாலோர் செய்வது, "சம்பள பாக்கி மொத்தம் 22,000" என்று ஒரே வரியில் எழுதுவது. அப்படி எழுதினால் எந்தத் தொகை எந்த வகுப்பு என்று லிக்விடேட்டருக்குத் தெரியாது. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், மாதங்கள் போகும், அல்லது எல்லாவற்றையும் சாதாரணக் கடனில் போட்டுவிடுவார்கள். அதனால் பிரித்து எழுதுங்கள். நம் பிறைத் தொழிலாளி ஒருவர் எழுதுவதாக இருந்தால் இப்படி இருக்கும்: "பிப்ரவரி சம்பளம் 2,200, மார்ச் சம்பளம் 2,200, சேர்ந்த ஆண்டு விடுப்பு 8 நாள், 677, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டாத இபிஎஃப், ஐ-அக்காவுன் பக்கம் இணைப்பு, பணிநீக்க இழப்பீடு, ஆறு வருட சேவை, வருடத்துக்கு 20 நாள்." ஒவ்வொரு வரியும் எந்த மாத வேலைக்கு என்பது அதில் தெரிய வேண்டும். நான்கு மாதக் கணக்கு அதை வைத்துத்தான்.

பாரத்துக்குக் கடைசி நாள் உண்டு. தவறவிட்டால் அதற்குள் பங்கிட்ட பணத்தை உங்களுக்காகத் திரும்ப வாங்க மாட்டார்கள். லிக்விடேட்டர் சான்றை நிராகரித்தால் எழுத்தில் காரணம் வரும். கோர்ட்டில் கேள்வி கேட்க அவகாசம் குறைவு என்பதால் கடிதம் கையில் கிடைத்த அன்றே யாரையாவது கலந்துபேசுங்கள்.

ஏழாம் படி: வரிசையைக் குலைக்கும் மூன்று விஷயங்கள்

எஸ்எஸ்எம் விவரத்தில் வங்கிக்கு டிபெஞ்சர் என்ற கடன் பத்திரமோ, ஒரு குறிப்பிட்ட சொத்தின் மேல் இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் சொத்துகளின் மேல் எழுதும் மிதக்கும் அடமானமோ இருப்பதாகக் கண்டால், ஸ்டாக்கும் வசூல் பாக்கியும் கூட வங்கியின் பிடிக்குள் போகலாம். ஆனால் மற்ற சொத்து பற்றாத அளவுக்கு, சம்பளம், விடுப்புப் பணம், இபிஎஃப் மூன்றும் அந்த மிதக்கும் அடமானத்துக்கு முன்னால் வரும் என்று சட்டம் சொல்கிறது. வரிக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் "எல்லாமே வங்கிக்கு எழுதிக் கொடுத்தாச்சு, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். நிலையான அடமானமா மிதக்கும் அடமானமா என்று கேளுங்கள். மனு போடுவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் அவசரமாக எழுதிக் கொடுத்த மிதக்கும் அடமானத்தை லிக்விடேட்டர் எதிர்க்கவும் முடியும்.

இரண்டாவது, மூடுவதற்கு முன் சிலருக்கு மட்டும் பணம் கொடுப்பது. டைரக்டரின் மச்சானின் லாரிக் கம்பெனிக்குப் பழைய பில் எல்லாம் கட்டிவிட்டு, தொழிலாளிகளுக்குக் கையை விரிப்பார்கள். மனு போட்ட நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் ஒரு கடன்காரரைத் தூக்கிவிட்டது நிரூபணமானால், அதைப் பாரபட்சமாகக் கருதித் திரும்ப வாங்கலாம். மனு போட்ட பிறகு சொத்தை யாருக்காவது மாற்றினால் கோர்ட் ஒப்புதல் இல்லாமல் அது செல்லவே செல்லாது. இதையெல்லாம் லிக்விடேட்டர் புத்தகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் புத்தகத்தில் இல்லாததைத் தொழிலாளிகள் பார்த்திருப்பார்கள். இரவோடு இரவாக லாரியில் மெஷின் போன தேதி, லாரி எண், யார் ஏற்றினார்கள் என்று எழுதிக் கொடுங்கள். கணக்கில் காணாமல் போன சொத்து பல நேரம் இப்படித்தான் கிடைக்கிறது.

மூன்றாவது, சம்பளத்துக்கென்று கடன் கொடுத்தவர். முதலாளியின் அண்ணன் தன் கைப்பணத்தைக் கொடுத்து ஜனவரி சம்பளத்தைப் போட்டிருந்தால், தொழிலாளிக்குக் கிடைத்திருக்க வேண்டிய முன்னுரிமை அந்தத் தொகை அளவுக்கு அவருக்குப் போகும். அப்படி ஒரு பெயர் சம்பள வகுப்பில் திடீரென்று வந்தால், பணம் உண்மையில் கம்பெனிக்கு வந்ததா, அது சம்பளத்துக்காகத்தான் கொடுக்கப்பட்டதா என்று கடன்காரர் கூட்டத்தில் கேளுங்கள். கடன்காரர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் ஒருவராவது போக வேண்டும். கலைப்பை மேற்பார்வை செய்யும் குழுவை அங்கே அமைப்பார்கள். தொழிலாளர் தரப்பில் ஒருவர் அதில் இருந்தால், லிக்விடேட்டரின் செலவு ஏறுவதையும் சொத்து விலைபோவதையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். அந்த முதல் வகுப்புச் செலவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் அடுத்த படியில் நிற்பவர்களுக்குத்தான் இறங்கும்.

பணம் எப்போது வரும் என்று கேட்டால், மாதக் கணக்கில் இல்லை, பெரும்பாலும் வருடக் கணக்கில்தான். முகவரியோ தொலைபேசி எண்ணோ வங்கிக் கணக்கோ மாறினால் லிக்விடேட்டருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த காசோலைகளும் கோப்புகளில் இருக்கின்றன.